சேனைக்கிழங்கை 64 துண்டு போட்டேன்: விடை 24ஆ, 20ஆ?

அக்கா மகள் உசிலம்பட்டியிலிருந்து குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். கணக்கில் எங்கேயாவது மாட்டிக்கொண்டால் புத்தகப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவாள். நான் அரசரடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் பின்பக்கம் வீணான தாளில் போட்டுப் பார்த்துப் பதில் அனுப்புவேன். ஒரு வியாழக்கிழமை வந்த படம் இது. யாரோ தோழியுடைய பழைய வழிகாட்டிப் புத்தகம், கொஞ்சம் சாய்ந்து எடுத்த போட்டோ, மேல் ஓரத்தில் கட்டைவிரல் வேறு.

பக்கத்தின் உச்சியில் இப்படி இருந்தது: "பக்கங்கள் அனைத்திலும் சிவப்பு வண்ணம் பூசி, பின் அதை 64 சம அளவுள்ள சிறு கனச்சதுரங்களாக வெட்டினால்". அதற்குக் கீழே மூன்று கேள்விகள். இரண்டு பக்கங்களில் மட்டும் வண்ணம் உள்ளவை எத்தனை, ஒரு பக்கத்தில் மட்டும் உள்ளவை எத்தனை, வண்ணமே இல்லாதவை எத்தனை.

இது பழகின கணக்கு. 64 துண்டு என்றால் நீளத்தில் 4, அகலத்தில் 4, உயரத்தில் 4. மூலைகள் 8, அங்கே இருக்கும் துண்டுக்கு மூன்று பக்கம் சிவப்பு. ஓரங்கள் 12, ஒவ்வொரு ஓரத்திலும் இரண்டு மூலைகளைக் கழித்தால் நடுவில் 2 துண்டு, ஆக 24 துண்டுக்கு இரண்டு பக்கம் சிவப்பு. முகங்கள் 6, ஒவ்வொன்றின் நடுவிலும் இரண்டுக்கு இரண்டு என்று 4 துண்டு, அதுவும் 24, இவற்றுக்கு ஒரு பக்கம்தான். உள்ளே ஒளிந்திருப்பது 2 பெருக்கல் 2 பெருக்கல் 2, அதாவது 8. "24, 24, 8" என்று தட்டி அனுப்பிவிட்டு ஆதார் அட்டை நகலெடுக்க வந்தவரைக் கவனிக்கப் போய்விட்டேன்.

ராத்திரி போன் வந்தது. "மாமா, விடைப் பக்கத்துல 20, 28, 12ன்னு போட்டிருக்கு."

அச்சுப் பிழையாக இருக்கும் என்றேன். அந்த மாதிரிப் புத்தகங்களில் அது ஒன்றும் புதுசு இல்லை. "ஒண்ணு தப்பா இருந்தா அச்சுப் பிழை. மூணுமா தப்பா இருக்கும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. போதாததற்கு 24, 20 இரண்டுமே தெரிவுகளில் இருந்தன, 24ஐப் போடுபவனுக்காகவே வைத்த பொறி மாதிரி.

சரி, ஞாயிற்றுக்கிழமை எதையாவது வெட்டியே பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். முதலில் கடையில் கிடந்த தெர்மாகோலைத்தான் எடுத்தேன். பிளேடு வைத்ததும் மணி மணியாக உதிர்ந்தது, ஓரம் உதிர்ந்தால் ஓரத்தில் பூசிய வண்ணமும் சேர்ந்து போய்விடும், எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. உருளைக்கிழங்கு சின்னது. பூசணி உள்ளே பொள்ளல். கடைசியில் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் வெட்டாத முழுச் சேனைக்கிழங்காக ஒன்று வாங்கிவந்தேன், 2 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. இவ்வளவு பெரிசு எதற்கு என்றால், 8 செ.மீ. கனச்சதுரம் ஒன்றின் ஒரு மூலையிலிருந்து நேர் எதிர் மூலைக்குக் கிட்டத்தட்ட 14 செ.மீ. வரும். உருண்டையான கிழங்கிலிருந்து அதைச் செதுக்கி எடுக்கக் கிழங்கு தாராளமாக இருக்க வேண்டும். 8 செ.மீ. இருந்தால்தான் ஒரு துண்டு 2 செ.மீ. வரும், அதைவிடச் சிறிதானால் எண்ணும்போது கண் ஏமாற்றும்.

சிவப்புக்கு போஸ்டர் கலர் டப்பாவை எடுத்து வைத்ததைப் பார்த்து அம்மா விட்டபாடில்லை. "பெயிண்டைப் பூசிக் கிழங்கைப் பாழாக்கப் போறியா? ஆலத்திக்குக் கரைக்கிற மாதிரி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சுப் பூசு, அப்புறம் வறுத்துத் திங்கலாம்ல." நல்ல யோசனைதான். மஞ்சள்தூளைக் கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து, வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பை ஒரு துளி சேர்த்ததும் குருதிச் சிவப்பாக மாறிவிட்டது.

கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு தோல் சீவி, மூலைமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்து ஆறு பக்கமும் சமமாக்கினேன். ஒரு மணி நேரம் போனது. முதலில் பூசிய சிவப்பு கிழங்கின் வழவழப்பில் நிற்காமல் வழிந்தது. துணியால் துடைத்து ஃபேனுக்கு அடியில் அரை மணி நேரம் வைத்தபின் பூசினால் பிடித்துக்கொண்டது. போட்டோவில் சொன்னபடி ஆறு பக்கமும் பூசி, மறுபடி காயவிட்டேன்.

இப்போது வெட்டு. நான்காகப் பிரிக்க மூன்று வெட்டுதான் வேண்டும், இதை நான்கு வெட்டு என்று நினைத்துக்கொண்டு ஐந்து அடுக்காகக் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு, அவர்களுக்கு 64 வராது, 125 வரும். மூன்று திசைக்கும் மூன்று மூன்றாக மொத்தம் 9 வெட்டு. ஒரு திசையில் மூன்று வெட்டியதும் நான்கு பலகைகள் கிடைத்தன, அவற்றைப் பிரிக்காமல் கடையில் தாள் கட்டுகிற ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டு, திருப்பி வைத்து அடுத்த மூன்று. இப்போது 16 குச்சிகள். மறுபடி ரப்பர் பேண்ட், மறுபடி மூன்று. கத்தி அகலமானதாக, மெல்லியதாக இருக்க வேண்டும். என்னுடையது சற்றுத் தடிமன், அதனால் கீழே போகப் போக ஒரு பக்கமாகச் சாய்ந்து சில துண்டுகள் ஆப்பு வடிவத்தில் வந்தன. எண்ணிக்கைக்கு அதனால் கெடுதல் இல்லை. எந்தத் துண்டு எங்கே இருந்தது என்பதுதான் முக்கியம், அது எத்தனை மில்லிமீட்டர் என்பது அல்ல.

நான்கு எவர்சில்வர் தட்டுகளை வரிசையாக வைத்து, மூன்று சிவப்பு, இரண்டு, ஒன்று, ஒன்றுமில்லை என்று பிரித்தேன். வந்த எண்ணிக்கை 8, 26, 22, 8.

கூட்டிப் பார்த்தேன், சரியாக 64. ஆனால் 24, 24 வரவில்லை, விடைப் பக்கத்தின் 20, 28ம் வரவில்லை. மூன்றாவதாக ஒரு விடை! துண்டுகளின் மொத்தம் சரியாக இருக்கிறதே, அப்படியென்றால் எண்ணியதில் பிழை இல்லை என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு துண்டைத் தப்பான தட்டில் போட்டாலும் மொத்தம் 64ஆகத்தான் இருக்கும் என்பது அப்புறம்தான் உறைத்தது. மொத்தத்தைக் கூட்டிச் சரிபார்ப்பதால் இந்த வகைப் பிழை அகப்படவே அகப்படாது.

வேறு எதைக் கூட்டலாம்? வண்ணத்தை. வெட்டுவதற்கு முன் பெரிய கனச்சதுரத்தின் ஒரு முகத்தில் 16 சின்னச் சதுரம் இருக்கிறது, ஆறு முகத்துக்கு 96. வெட்டியதால் புதுச் சிவப்பு முளைக்காது, இருந்த சிவப்பு மறையவும் மறையாது. அப்படியானால் தட்டுகளில் இருக்கும் சிவப்புப் பக்கங்களை எல்லாம் கூட்டினால் 96 வர வேண்டும். மூன்று சிவப்பு உள்ளவை 8, அது 24. இரண்டு உள்ளவை 26, அது 52. ஒன்று உள்ளவை 22. கூட்டினால் 98. இரண்டு கூடுதல்.

இரண்டு சிவப்பு தட்டை விளக்குக்குக் கீழே கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். இரண்டு துண்டுகளில் ஒரு பக்கத்துச் சிவப்பு வேறு மாதிரி இருந்தது. உண்மையான பூச்சு மூலைக்கு மூலை நிரம்பியிருக்கும், லேசாகப் பொருக்குத் தட்டியிருக்கும். இது ஒரு ஓரத்தில் அடர்த்தியாகத் தொடங்கி, கத்தி போன திசையிலேயே மெலிந்துகொண்டே போயிருந்தது. கத்தி மேல் முகத்துச் சிவப்பை இழுத்துக்கொண்டு உள்ளே போய் வெட்டுமுகத்தில் தீற்றிவிட்டிருக்கிறது. ஈரத் துணியால் துடைத்தால் போயே போய்விட்டது, பூச்சு அப்படிப் போகாது. அந்த இரண்டையும் ஒரு சிவப்பு தட்டுக்கு மாற்றினேன். 8, 24, 24, 8. சிவப்பைக் கூட்டினால் 24ம் 48ம் 24ம், மொத்தம் 96. நீங்கள் செய்து பார்ப்பதானால் ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்துவிடுங்கள்.

ஆக, கிழங்கு என் பக்கம். ஆறு பக்கமும் சிவப்பு என்றால் 24தான். விடைப் பக்கம் தப்பு என்று அவளுக்கு அனுப்பலாம் என்று போனை எடுத்தேன். எடுத்தபோது கை சும்மா இருக்காமல், தட்டுகளைப் பரிசோதித்த அதே கூட்டலை விடைப் பக்கத்து எண்களுக்கும் போட்டுப் பார்த்தது. 20, 28, 12, கூட்டினால் 60. மிச்சம் 4, அதுதான் மூன்று சிவப்பு உள்ளவையாக இருக்க வேண்டும். இப்போது சிவப்பைக் கூட்டினால்: 4 துண்டுக்கு 12, 20 துண்டுக்கு 40, 28 துண்டுக்கு 28. மொத்தம் 80.

80 என்பது சும்மா வருகிற எண் இல்லை. ஒரு முகத்துக்கு 16 என்றால் 80 என்பது மிகச் சரியாக ஐந்து முகம். அச்சுப் பிழையில் மூன்று எண்களும் மாறி, மாறிய எண்கள் ஒன்றாகச் சேர்ந்து 16ன் மடங்காகவும் அமைவது எப்படி? அந்த விடைகளை எழுதியவர் ஐந்து பக்கம் பூசிய கனச்சதுரத்தைத்தான் மனதில் வைத்திருந்திருக்கிறார். ஆறாவது பக்கம் பூசப்படவில்லை. அது எங்கே சொல்லப்பட்டிருக்கிறது?

போட்டோவை மறுபடி திறந்தேன். பக்கத்தின் உச்சி வரியில் கேள்விக்கு எண்ணே இல்லை. "பக்கங்கள்" என்றுதான் தொடங்குகிறது. எதனுடைய பக்கங்கள்? கனச்சதுரம் என்ற சொல்லே அதற்கு முன்னால் வரவில்லையே, நானாகத்தானே நினைத்துக்கொண்டேன்! தினமும் நூறு பக்கம் நகலெடுக்கிறவன், முந்தின பக்கத்தில் தொடங்கிய வாக்கியம் அடுத்த பக்கத்தில் தொடர்வதைப் பார்த்ததே இல்லாதவன் மாதிரி ஏமாந்திருக்கிறேன். "இதுக்கு முந்தின பக்கத்தோட கடைசி ரெண்டு வரியையும் எடுத்து அனுப்பு" என்று அவளுக்குச் செய்தி போட்டேன். புத்தகம் தோழியிடம் இருக்கிறது, நாளைக்குத்தான் என்றாள்.

நாளை வரைக்கும் பொறுமை இல்லை, கிழங்கு கையில் இருக்கிறது. ஒரு முகத்தின் சிவப்பைச் சீவிவிட்டால் ஐந்து முகம் ஆகிவிடும். ஆனால் துண்டுகளை எல்லாம் தட்டுகளில் கலந்துவிட்டேனே, 64ஐயும் மறுபடி அடுக்கி எது அடிப்பக்கம் என்று கண்டுபிடிக்க வேண்டுமா?

வேண்டாம். கொஞ்சம் யோசித்தால், வெளியே தெரிகிற எந்த முகத்தை எடுத்துக்கொண்டாலும் அதன் 16 துண்டுகளின் சேர்க்கை ஒன்றேதான். நான்கு மூலைத் துண்டு, நான்கு ஓரங்களிலும் இரண்டு இரண்டாக எட்டு ஓரத் துண்டு, நடுவில் நான்கு. மூலைத் துண்டுகள் எல்லாம் மூன்று சிவப்பு தட்டில், ஓரத் துண்டுகள் இரண்டு சிவப்பு தட்டில், நடுத் துண்டுகள் ஒரு சிவப்பு தட்டில். எனவே முதல் தட்டிலிருந்து 4, இரண்டாவதிலிருந்து 8, மூன்றாவதிலிருந்து 4 எடுத்து, ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு சிவப்புப் பக்கத்தை மெல்லிசாகச் சீவி எறிந்துவிட்டு, அடுத்த தட்டுக்கு இறக்கினால் போதும்.

இறக்கினேன். மூன்று சிவப்பில் 8 இருந்தது, 4 இறங்கிவிட்டது, மிச்சம் 4. இரண்டு சிவப்பில் 24, அதிலிருந்து 8 கீழே போனது, மேலேயிருந்து 4 வந்தது, இப்போது 20. ஒரு சிவப்பில் 24, போனது 4, வந்தது 8, இப்போது 28. வெறும் தட்டில் 8, வந்தது 4, இப்போது 12.

20, 28, 12. விடைப் பக்கம் அப்படியே தட்டில் உட்கார்ந்திருந்தது. மூன்று எண்களும் ஏன் ஒரே சமயத்தில் மாறின என்ற அவளுடைய கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஒரு முகம் போனால் 16 துண்டுகளும் ஒவ்வொரு படி இறங்குகின்றன, எந்தத் தட்டும் தப்பாது.

மறுநாள் படம் வந்தது. முந்தின பக்கத்தின் கடைசி வரி: "மேசையின் மீது ஒட்டி வைக்கப்பட்ட கனச்சதுரம் ஒன்றின் வெளியே தெரியும்". அடுத்த பக்கம் "பக்கங்கள் அனைத்திலும்" என்று தொடர்கிறது. நம் மொழியில் அடை முன்னால் வந்துவிடுகிறது, அதனால் தலையை வெட்டினாலும் மிச்சம் முழு வாக்கியம் மாதிரியே நிற்கிறது. "வெளியே தெரியும்" என்ற இரண்டு சொல் போனதுகூடத் தெரியாமல் "பக்கங்கள் அனைத்திலும்" என்று நிமிர்ந்து நிற்கிறது.

அன்று சாயங்காலம் அவளுக்குப் போனில் விளக்கியபோது, கிழங்கு இல்லாமல் எப்படிச் செய்வது என்று கேட்டாள். தேர்வறைக்குள் கத்தியும் கிழங்கும் கொண்டுபோக முடியாதுதான். 12 ஓரம், 6 முகம் என்ற சூத்திரம் ஆறு பக்கமும் பூசினால்தான் செல்லும். ஒரு பக்கம் குறைந்தாலும் ஓரங்களில் சில இரட்டைச் சிவப்பு, சில ஒற்றைச் சிவப்பு என்று பிரிந்துவிடும், அதை மனதில் சுற்றிச் சுற்றி எண்ணினால் நிச்சயம் எங்கேயாவது ஒன்றை இரண்டு முறை எண்ணிவிடுவோம். அதனால் எண்ணாமல் திசையாகப் பிரிக்கச் சொன்னேன்.

மூன்று திசைகளுக்கும் நான்கு நான்கு அடுக்கு. ஒவ்வொரு திசையிலும், நான்கில் எத்தனை அடுக்கு அந்தத் திசையின் பூச்சைத் தொடுகிறது, எத்தனை தொடவில்லை என்று மட்டும் பார்க்க வேண்டும். நீளத்தில் இரண்டு முனையும் பூசியது, எனவே தொடுவது 2, தொடாதது 2. அகலத்திலும் அப்படியே. உயரத்தில் மேல் மட்டும் பூசியது, அடி மேசையில் ஒட்டியிருக்கிறது, எனவே தொடுவது 1, தொடாதது 3. இவ்வளவுதான் தகவல்.

சிவப்பே இல்லாத துண்டு மூன்று திசையிலும் தொடாதது: 2 × 2 × 3 = 12. மூன்று சிவப்பு என்றால் மூன்றிலும் தொடுவது: 2 × 2 × 1 = 4. ஒரு சிவப்பு என்றால் ஒரு திசையில் தொட வேண்டும், மற்ற இரண்டில் தொடக் கூடாது. நீளத்தில் மட்டும் தொடுவது 2 × 2 × 3, அது 12. அகலத்தில் மட்டும், அதுவும் 12. உயரத்தில் மட்டும் 2 × 2 × 1, அது 4. கூட்டினால் 28. இரண்டு சிவப்பு மிச்சம்தான், 64லிருந்து 12ம் 4ம் 28ம் போக 20. மிச்சத்தை நம்பினால் முன்னால் செய்த பிழை இங்கே வந்து ஒளிந்துகொள்ளும், அதனால் கடைசியில் சிவப்பைக் கூட்டிவிட வேண்டும். 12ம் 40ம் 28ம் 80, ஐந்து முகம், சரி.

அவள் உடனே கேட்டாள், "ரெண்டு பக்கம் பூசலைன்னா?"

அதுதான் கொஞ்சம் வில்லங்கமானது. விடைப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் போய்க் கண்டுபிடித்தேன் என்று நான் பீற்றிக்கொண்ட வித்தை அங்கே பாதிதான் வேலை செய்யும். இரண்டு முகம் விட்டுப்போனால் சிவப்பின் கூட்டுத்தொகை நான்கு பதினாறு, 64. எத்தனை முகம் என்று அது சொல்லும், எந்த முகம் என்று சொல்லாது. விட்டுப்போன இரண்டும் எதிரெதிராக இருந்தால் ஒரு கணக்கு, அடுத்தடுத்து இருந்தால் வேறு கணக்கு.

மேலும் கீழும் விட்டுப்போனது என்று வைத்துக்கொண்டால் உயரத்தில் தொடுவது 0, தொடாதது 4. மூன்று சிவப்பு ஒன்றுகூட வராது. சிவப்பே இல்லாதது 2 × 2 × 4 = 16, இரண்டு சிவப்பு 2 × 2 × 4 = 16, ஒரு சிவப்பு மிச்சம் 32. அடியும் அதை ஒட்டிய ஒரு பக்கமும் விட்டுப்போனால், உதாரணத்துக்குச் சுவர் மூலையில் கிடக்கிற பெட்டி மாதிரி, நீளத்தில் 2, 2, அகலத்தில் 1, 3, உயரத்தில் 1, 3. சிவப்பே இல்லாதது 2 × 3 × 3 = 18. மூன்று சிவப்பு 2 × 1 × 1 = 2. ஒரு சிவப்பு, நீளத்தில் மட்டும் 2 × 3 × 3 என்று 18, அகலத்தில் மட்டும் 2 × 1 × 3 என்று 6, உயரத்தில் மட்டும் இன்னொரு 6, மொத்தம் 30. இரண்டு சிவப்பு 14. இங்கேயும் சிவப்பைக் கூட்டினால் 6ம் 28ம் 30ம், 64தான் வருகிறது.

நான் "சுவர் மூலையில்" என்று சொல்லிக் குழப்பிவிட்டேன், அவள் இரண்டு சுவரும் தரையும் என்று எடுத்துக்கொண்டு மூன்று முகத்தைக் கழித்துவிட்டாள். அப்புறம் தரையில் ஒரு சுவரை ஒட்டிக் கிடக்கும் பெட்டி என்று திருத்திச் சொன்னதும் 18, 30, 14, 2 என்று அவளே போட்டுக் காட்டினாள். இரண்டு விட்டுப்போன கேள்வியில் மூன்று சிவப்பு எத்தனை என்று மட்டும் தெரிந்தால் பிரித்துவிடலாம், ஒன்றுமே இல்லையென்றால் எதிரெதிர், இரண்டு இருந்தால் அடுத்தடுத்து. ஆனால் கேள்வியின் தலை வெட்டுப்பட்டிருந்தால் அவ்வளவு தூரம் போவதற்குப் பதில் முந்தின பக்கத்தைத் திருப்பிவிடுவது மேல்.

இந்தப் பேச்சுக்கெல்லாம் சாட்சியாகத் தட்டுகளைப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்ப வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமையே நினைத்திருந்தேன். ஐந்து முகக் கணக்கு முடிந்து போனைத் தேடிக்கொண்டு வருவதற்குள், அரிப்பு போகட்டும் என்று அம்மா நான்கு தட்டையும் புளித்தண்ணீர்ச் சட்டியில் கவிழ்த்துவிட்டிருந்தார். மஞ்சளைச் சிவப்பாக்குவது சுண்ணாம்பின் காரம், புளி பட்டால் அது பழையபடி மஞ்சளாகிவிடும். நான் எட்டிப் பார்த்தபோது சிவப்பே இல்லை. 64 துண்டும் கலங்கிய மஞ்சள் தண்ணீரில் கிடந்தன, எது மூலை, எது நடு என்று யாராலும் சொல்ல முடியாது. அக்கா மகளுக்கு வறுவலைத்தான் போட்டோ எடுத்து அனுப்பினேன். "இதுல ரெண்டு பக்கம் முறுகினது எத்தனை மாமா?" என்று பதில் வந்தது.